பிறப்புறுப்பில் தடிப்பு: வீடியோ ஆலோசனையில் எப்படிச் சொல்வது, எப்படிப் படமெடுப்பது

வீடியோவில் மருத்துவரைப் பார்க்கும்போது பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "டாக்டர், கீழே கொஞ்சம் அலர்ஜி மாதிரி இருக்கிறது." இதில் "கீழே" என்பது எந்த இடம் என்று தெரியவில்லை. "கொஞ்சம்" என்பதற்கு அளவு கிடையாது. "அலர்ஜி" என்பது பார்த்ததைச் சொல்லும் சொல் அல்ல, நோய்க்கு நாமே சூட்டிய பெயர். அதன் பிறகு, கூச்சத்தோடு கூச்சமாக, மங்கலான ஒரு படம் வந்து சேரும். படத்தைப் பார்த்ததும் மருத்துவருக்கு எல்லாம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே நடக்கும் முதல் கோளாறு.

இந்தக் கட்டுரை பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கானது. அதற்குக் குறைந்த வயதினரின் பிறப்புறுப்பைப் படமெடுப்பதும் அனுப்புவதும், மருத்துவத்துக்காகவே ஆனாலும், பல நாடுகளில் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். குழந்தைகளையும் பதின்பருவத்தினரையும் நேரிலேயே காட்டுங்கள்.

## படம் ஏன் தனியாகப் போதாது

வீட்டுக் கூரையின் உட்புறத்தில் ஓர் ஈரக்கறை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கொத்தனாரிடம் கறையின் படத்தை மட்டும் அனுப்பினால் அவரால் அதிகம் சொல்ல முடியாது. மழைநீர் இறங்கினாலும் அதே கறைதான், மேல்மாடிக் குழாய் கசிந்தாலும் அதே கறைதான். "மழை பெய்த மறுநாள் பெரிதாகிறதா, வெயில் காலத்திலும் இருக்கிறதா?" என்று அவர் கேட்பார். அந்தப் பதில்தான் எங்கே உடைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும்.

தோலும் இப்படித்தான். தோலுக்குத் தெரிந்த மொழி சில சொற்களே: சிவக்கும், வீங்கும், நீர் கோக்கும், உரியும், புண்ணாகும். கிருமி, பூஞ்சை, மருந்து ஒவ்வாமை, உராய்வு என்று காரணங்கள் எத்தனையோ இருந்தாலும் எல்லாமே இந்தச் சில சொற்களில்தான் வெளிப்படுகின்றன. பிறப்புறுப்பில் இன்னொரு குழப்பமும் சேரும். அங்கே தோல் மெல்லியது, எப்போதும் ஈரமும் உராய்வும் உண்டு. வேறு இடத்தில் செதில் செதிலாக உரிய வேண்டிய நோய், அங்கே வழவழப்பான சிவப்புத் திட்டாக மட்டும் நிற்கும்.

அதனால் தோல் மருத்துவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே யோசிக்கிறார். இதன் உருவம் என்ன? இது எந்த வரிசையில் வந்தது? படம் முதல் கேள்விக்குப் பாதி பதில் தரும். இரண்டாவதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

## பெயர் வேண்டாம், உருவம் சொல்லுங்கள்

மருத்துவக் கலைச்சொற்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. கண்ணாலும் விரலாலும் நான்கு நிலைகளைப் பிரித்துச் சொன்னாலே போதும்.

முதலாவது, தட்டையான நிறமாற்றம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எங்கே இருக்கிறதென்று தெரியாது. இரண்டாவது மேடு: பரு, தடிப்பு, முடிச்சு. விரலுக்கு இடறும். மூன்றாவது கொப்புளம், அதாவது உள்ளே திரவம் உள்ள மேடு. திரவம் தெளிவாக இருக்கிறதா, சீழாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்காவது புண்: மேல்தோல் போய், உள்ளே ஈரமான பரப்பு தெரிவது. கொப்புளம் உடைந்து புண்ணானதா, நேராகவே புண்ணாக வந்ததா என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. மருத்துவர் பார்க்கும் நாளில் கொப்புளம் இருந்த தடமே இருக்காது.

அடுத்தது ஓரம். தெளிவான கோடு போல இருக்கிறதா, அக்கம்பக்கத் தோலோடு கரைந்துபோகிறதா? படர்தாமரை என்று நாம் சொல்லும் பூஞ்சைத் தொற்றில், ஓரம் சற்று மேடாகச் செதிலோடு இருக்கும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். தொடை இடுக்கில் அது விரிவாகப் படர்ந்தாலும் பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிடும். ஆகவே "தொடையில் இருக்கிறது, விதைப்பையில் இல்லை" என்ற ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய துப்பு.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாடப்புத்தகப் படங்களில் தடிப்பு இளஞ்சிவப்பாக இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அதே அழற்சி கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். "சிவப்பு இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தோலைவிட எவ்வளவு கருத்திருக்கிறது, தொட்டால் சூடாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

இடத்தைச் சொல்லும்போது கூச்சத்துக்கு இடம் கொடுத்தால் நோயறிதல் திசைமாறும். ஆண்குறியின் தண்டா, மொட்டா, முன்தோலின் உட்புறமா, விதைப்பையா? யோனியின் வெளி உதடா, உள் உதடா, நுழைவாயிலா? தொடை இடுக்கா, ஆசனவாயைச் சுற்றியா? "அந்த இடத்தில்" என்று சொன்னால் இத்தனையில் எதுவென்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். கூச்சம் அப்போதுதான் கூடும்.

சுருக்கமாக: தட்டையா, மேடா, கொப்புளமா, புண்ணா; ஓரம் எப்படி; சரியான இடம் எது; எண்ணிக்கை ஒன்றா, பலவா. "ஹெர்பிஸ்", "பூஞ்சை", "அலர்ஜி" போன்ற பெயர்களை மருத்துவருக்கே விட்டுவிடலாம்.

## நாட்களின் வரிசை

முதல் நாள் என்ன உணர்ந்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். அரிப்பா, எரிச்சலா, வலியா, எதுவுமே இல்லையா? இந்தக் கடைசி விடையை மக்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறப்புறுப்பில் வலியே இல்லாத, அடிப்பகுதி கெட்டியான ஒற்றைப் புண் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். தொற்றுக்குப் பின் சுமார் 3 வாரங்களில் அது வரும். 10 நாளிலும் வரலாம், 90 நாளிலும் வரலாம். சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் ஆறியும் விடும். ஆறுவது புண் மட்டுமே, நோய் உள்ளே தொடர்கிறது. ஆகவே வலியில்லாத புண்ணை மருத்துவர் அதிகக் கவனத்தோடு கேட்டால் வியப்படைய வேண்டாம். கடைசியாக எப்போது உடலுறவு, ஆணுறை இருந்ததா என்று அவர் கேட்பதும் ஒழுக்க விசாரணை அல்ல, நாட்களைக் கணக்கிடத்தான்.

பிறகு, நீங்கள் பூசியவை, விழுங்கியவை. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடையில் வாங்கிய "அரிப்பு கிரீம்" பலவற்றில் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து, கலந்திருக்கும். பூஞ்சையின் மேல் அதைப் பூசினால் அரிப்பு அடங்கும், செதில் மறையும், ஓரம் கலைந்துபோகும். பூஞ்சை மட்டும் உள்ளே ஓசையின்றிப் பரவும். அப்போது எடுக்கும் படம் எந்த நோயையும் போல இருக்காது. கிரீமின் பெயர் நினைவில்லை என்றால் கவலையில்லை: டியூபின் பின்பக்கத்தில் கலவை அச்சிட்ட இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். சில நேரங்களில் தடிப்பின் படத்தைவிட அந்தப் படமே அதிகம் பேசும்.

## ஒரு நோயாளி, இரண்டு செய்திகள்

கற்பனையாக ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதிய செய்தி: "கீழே புண். அடிக்கடி வருகிறது. ஹெர்பிஸ் என்று நினைக்கிறேன். மருந்து எழுதித் தாருங்கள்."

இதைப் படிக்கும் மருத்துவருக்கும் ஹெர்பிஸ்தான் முதலில் தோன்றும். அந்த வைரஸ் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்பக் கொப்புளத்தையும் புண்ணையும் உண்டாக்கும். படத்திலும் ஓர் ஈரமான சிராய்ப்புதான் தெரிகிறது. இப்போது அதே மனிதர் நிதானமாக எழுதிய இரண்டாவது செய்தி:

"ஆண்குறி மொட்டின் இடப்பக்கம், ஒரே ஒரு வட்டம். குறுக்களவு ஏறக்குறைய 1.5 செ.மீ. ஓரம் தெளிவு. செவ்வாய் இரவு எரிச்சல். புதன் காலை கருஞ்சிவப்பாகி, நடுவில் ஒரு கொப்புளம். வியாழன் அது உடைந்துவிட்டது. இது மூன்றாவது முறை, மூன்று முறையும் துல்லியமாக அதே இடம். இடைப்பட்ட மாதங்களில் அங்கே கருந்திட்டு மாறாமல் நிற்கிறது. செவ்வாய் மதியம் முதுகுவலிக்கு நாப்ராக்சென் ஒன்று சாப்பிட்டேன். சென்ற முறை பல்வலிக்கும் அதையே சாப்பிட்டதாக நினைவு. காய்ச்சல் இல்லை. வாயில் புண் இல்லை. எதுவும் பூசவில்லை."

இப்போது கதை மாறிவிட்டது. ஹெர்பிஸில் பொதுவாகச் சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாக வரும். வருவதற்கு முன்பே அங்கே ஊசி குத்துவது போன்ற உணர்வு தோன்றுவது உண்டு. திரும்ப வரும்போது அதே பகுதியில் வரும், ஆனால் முத்திரை குத்தியது போல ஒரே வட்டத்தில் வருவது அதன் இயல்பு அல்ல. ஆறிய பிறகு கருந்திட்டு நிலைத்திருப்பதும் வழக்கமில்லை. இவர் சொல்வது வேறொன்றோடு பொருந்துகிறது. மருத்துவர்கள் அதை ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்பார்கள்: ஒரு குறிப்பிட்ட மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் உடலின் அதே புள்ளியில் தோன்றும் தடிப்பு. ஆண்குறி மொட்டு அதற்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று.

இது நடக்கும் விதம் வியப்பானது. முதல் முறை தடிப்பு வந்தபோது அங்கே திரண்ட நோய் எதிர்ப்பு அணுக்களில் சில, தடிப்பு ஆறிய பிறகும் அந்தத் தோலிலேயே குடியிருந்துவிடுகின்றன. அதே மருந்து மறுபடி இரத்தத்தில் வந்ததும் சில மணி நேரத்தில் அவை விழித்துக்கொண்டு அந்த இடத்தையே தாக்குகின்றன. சிதைந்த மேல்தோலின் நிறமி கீழ் அடுக்கில் இறங்கித் தங்குவதுதான் அந்தக் கருந்திட்டு. வலிமாத்திரைகள் மட்டுமல்ல, கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லிகளும் இதைச் செய்யலாம்.

பொறுப்பான மருத்துவர் இதோடு முடித்துவிட மாட்டார். திறந்த புண் என்பதால் ஹெர்பிஸுக்குப் புண்ணிலிருந்து மாதிரி எடுக்கவும், சிஃபிலிஸுக்கு இரத்தம் பார்க்கவும் அனுப்பலாம். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார். சோதித்துப் பார்க்கிறேன் என்று நீங்களாகவே மறுபடி விழுங்கிப் பார்க்காதீர்கள். அடுத்த முறை தடிப்பு பல இடங்களில் வரக்கூடும்.

இரண்டு செய்திகளோடும் போன படம் ஒன்றுதான். வித்தியாசம் அளவிலும், இடத்திலும், செவ்வாய் மதியத்து மாத்திரையிலும் இருந்தது.

## படமெடுப்பது

ஆலோசனைக்கு முன்பே படம் எடுத்து அனுப்பிவிடுவது நல்லது. நேரலை வீடியோவில் காட்சி சுருக்கப்பட்டே போகிறது. நிறம் மாறும், நுணுக்கம் கரையும். கேமராவின் முன் உடல் காட்டித் தடுமாறுவதைவிட, நல்ல படங்கள் சிலவற்றை அனுப்பிவிட்டு உடையோடு உட்கார்ந்து பேசுவது இருவருக்கும் எளிது.

ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். பிளாஷை அணைத்துவிடுங்கள்: ஈரமான தோலில் அது பளிச்சென்று பட்டு, பார்க்க வேண்டிய இடத்தையே வெள்ளைப் புள்ளியாக்கிவிடும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் மேடுகளின் நிழல் தெரியும். தட்டையா, தடிப்பா என்று படமே சொல்லிவிடும். செல்ஃபி கேமராவைவிடப் பின்பக்கக் கேமரா தெளிவு. முகத்தை மெருகேற்றும் வசதி எதுவும் இயங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அது செதிலையும் பருவையும் வழித்து எறிந்துவிடும்.

இரண்டு தூரம் தேவை. முதல் படம் சுமார் 40 செ.மீ. தள்ளி, தடிப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்ட. இரண்டாவது நெருக்கத்தில். இங்கே எல்லோரும் போனைத் தோலோடு ஒட்டிக்கொண்டு போவார்கள். படம் மங்கும், போனின் நிழலும் விழும். 20 செ.மீ. தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். திரையில் தடிப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டி, தெளிவானதும் எடுங்கள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பக்கத்திலுள்ள முடி தனித்தனி இழையாகத் தெரிந்தால் படம் சரி, பஞ்சு போலத் தெரிந்தால் இன்னொரு முறை.

அளவு தெரிய, தடிப்பின் பக்கத்தில், புண்ணில் படாமல், ஓர் அளவுகோல் வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பும் படத்தில் இருந்தால் நல்லது: தாள் மஞ்சளாகத் தெரிந்தால் தோலின் நிறத்தையும் அந்த அளவுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் புரிந்துகொள்வார். படமெடுப்பதற்கு முன் கிரீம், பவுடர் பூச வேண்டாம், மழிக்கவும் வேண்டாம். குளித்த கையோடு எடுத்தால் தேய்த்த சிவப்பும் சேர்ந்துவிடும், சற்றுப் பொறுங்கள்.

கைக்கு எட்டாத கோணம் என்றால் போனை எதன்மேலாவது சாய்த்துவைத்து, நேரக்கணிப்பானை 10 விநாடிக்கு வைத்து எடுக்கலாம். பெண்களுக்கு, ஒரு காலை உயர்த்தி உட்கார்ந்து, தரையில் வைத்த கண்ணாடியில் முதலில் இடத்தைப் பார்த்துக்கொண்டால் கேமராவைத் திருப்புவது எளிது. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் படமெடுத்தவர்கள் உடனே அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் அது வீங்கி மொட்டை இறுக்கிவிடும், அது அவசர நிலை. தானாக நகராத முன்தோலை வலிந்து தள்ளவே வேண்டாம்.

## படம் எங்கெல்லாம் போகிறது

படம் மருத்துவருக்கு மட்டும் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் எடுத்த நொடியிலேயே அது ஊர்சுற்றத் தொடங்கிவிடலாம். போனின் படத்தொகுப்பு இணையச் சேமிப்போடு இணைந்திருந்தால், வீட்டு டேப்லெட்டில், பகிர்ந்துகொண்ட ஆல்பத்தில், அலுவலகக் கணினியில் என்று அதன் பிரதிகள் முளைக்கும். ஆகவே எடுப்பதற்கு முன்பே தானியங்கிச் சேமிப்பை நிறுத்துங்கள். விமானப் பயன்முறை மட்டும் போதாது: அது பதிவேற்றத்தைத் தள்ளித்தான் போடும், இணைப்பு திரும்பியதும் படம் கிளம்பிவிடும்.

இரண்டாவது, படத்துக்குள் ஒளிந்திருக்கும் குறிப்பு. எடுத்த நேரம், போனின் வகை, சில வேளைகளில் எடுத்த இடத்தின் துல்லியமான புவியிருப்பு எல்லாம் படக்கோப்பில் பதிந்திருக்கும். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. செய்திச் செயலிகள் பலவற்றில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், இந்தக் குறிப்பும் நீங்கும்; தெளிவுக்காகக் கோப்பாக அனுப்பினால் குறிப்பும் சேர்ந்தே போகும். எனவே கேமராவுக்குத் தந்த இருப்பிட அனுமதியை முதலிலேயே நீக்கிவிடுங்கள். பிறகு எப்படி அனுப்பினாலும் வீட்டு முகவரி போகாது.

சட்டகத்தில் முகம், பச்சை குத்திய இடம், மோதிரம், அறையின் அடையாளம் எதுவும் வேண்டாம். அனுப்புவது ஆலோசனைத் தளத்தின் பதிவேற்ற வழியிலேயே இருக்கட்டும். யாராவது தனிப்பட்ட எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலோ, முகமும் தெரியும்படி கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். நோயறிய முகம் தேவையில்லை. படம் மருத்துவக் குறிப்பில் எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள், அழைப்பு பதிவாகிறதா, அந்தப் பக்கம் அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

வேலை முடிந்ததும் அழிக்கும்போது இரண்டு முறை அழிக்க வேண்டும். ஐபோனில் அழித்த படம் 30 நாள் வரை "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் கிடக்கும். கூகுள் போட்டோஸில் சேமிப்புக்குப் போன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அங்கேயும் போய் நீக்குங்கள். செய்திச் செயலியின் தனி அடைவையும் ஒரு முறை பாருங்கள். ஆனால் சிகிச்சை முடியும்வரை முதல் நாள் படத்தைப் பூட்டிய இடத்தில் வைத்திருப்பது பயன்படும்: ஒரு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் ஆறுகிறதா, பரவுகிறதா என்று தெரியும்.

## வீடியோவுக்குக் காத்திருக்கக் கூடாதவை

திரை வழியாக மருத்துவர் தொட முடியாது. புண்ணின் அடி கெட்டியா, தொடை இடுக்கில் நெறிகட்டியிருக்கிறதா என்பதை நீங்கள் தடவிப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் மாதிரி எடுப்பதும் இரத்தம் எடுப்பதும் நேரில்தான் முடியும். புண் என்றாலே வீடியோ ஆலோசனை பெரும்பாலும் பாதி வழிதான்.

சில நிலைகளில் அந்தப் பாதி வழியும் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். புதிய மருந்து தொடங்கிய பின் பிறப்புறுப்புப் புண்ணோடு வாயிலும் புண், கண் சிவப்பு, காய்ச்சல், தோல் உரிதல். வெளியே தெரிவதைவிடப் பல மடங்கு வலி, மணிக்கு மணி பரவும் வீக்கம், தோல் கருநீலமாக மாறுதல், துர்நாற்றம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. சிறுநீர் கழிக்க முடியாமை. பின்னுக்குப் போன முன்தோல் திரும்பாமை. கர்ப்பிணிகள் பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ கண்டால் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், பிரசவம் நெருங்கிய நாட்களில் ஹெர்பிஸ் குழந்தைக்குத் தொற்றக்கூடும்.